ஹைட்ராக்சிகுளோரோகுயின்: எடைக்கு எத்தனை, சாப்பாட்டோடு எப்படி, கண்ணுக்கு எப்போது

உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்று தெரிந்த அன்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் முதல் மருந்தே ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான். ஏழு வருடமாக எடுத்து வருகிறேன். முடக்குவாதத்துக்கும் இதே மாத்திரையைத் தருகிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்பது மூன்றே விஷயம்: எப்போது சாப்பிட வேண்டும், எனக்கு எவ்வளவு, கண் போய்விடுமா? அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டர். அவர் எழுதியது உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு.

படி 1: சாப்பாட்டோடு ஒரு நேரத்தைக் கட்டிவிடுங்கள்

வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும், வயிற்றைப் பிசையும், சிலருக்குப் பேதியும் ஆகும். சாப்பாட்டோடு போட்டால் இந்தத் தொல்லை குறைகிறது. சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். சாப்பிட முடியாத நாளில் ஒரு டம்ளர் பாலோடு எடுக்கலாம். நான் காலை இட்லியில் பாதி உள்ளே போன பிறகு மாத்திரையைப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவேன். மேலுறை கரைந்தால் பொல்லாத கசப்பு, அதனால் வாயில் வைத்துக்கொண்டே தண்ணீர் தேடாதீர்கள். உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், முழுசாக விழுங்குங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பவர்கள் அதற்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். சேர்த்து எடுத்தால் இந்த மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று: இந்த மாத்திரை சிலருக்குச் சர்க்கரையை இறக்கும். வியர்த்து, கை நடுங்கினால் அளந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்? அன்றைக்கே நினைவு வந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டு எடுங்கள். மறுநாள்தான் நினைவு வருகிறதென்றால் விட்டது விட்டதுதான், சேர்த்துப் போட வேண்டாம். இந்த மருந்து உடம்பை விட்டு மிக மெதுவாகப் போகும். இரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 40 நாள் ஆகும். அதனால் ஒரு நாள் தவறினால் ஒன்றும் குடி முழுகாது. அதே காரணத்தால் பலன் தெரியவும் இரண்டு மூன்று மாதம் ஆகிறது, சிலருக்கு ஆறு மாதம்கூட. என் அத்தை மூன்றாவது வாரமே "இந்த மாத்திரை உனக்குக் கேக்கலம்மா, நிறுத்திடு" என்றார். மூன்று வாரத்தில் கேட்கும் மருந்தே இல்லை இது.

படி 2: எடையைப் பாருங்கள், ஐந்தால் பெருக்குங்கள்

இப்போது பின்பற்றும் கணக்கு இது: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 'உயரத்துக்கு இவ்வளவு இருக்க வேண்டும்' என்கிற எடையை விடுங்கள், தராசு காட்டுகிற உண்மையான எடைதான் கணக்கு. எடை எவ்வளவு கூடினாலும் வழக்கமாக 400 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. ஆக, தினம் 400 என்பது 80 கிலோவும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்குப் பொருந்துகிற அளவு. நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் 80 கிலோ?

என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். என் எடை 52 கிலோ. 52 × 5 = 260 மில்லிகிராம். நான் வாங்குவதோ 200 மில்லிகிராம் மாத்திரை. ஒன்று போட்டால் குறைவு, இரண்டு போட்டால் அதிகம். இங்கேதான் அந்த மெதுவாகப் போகிற குணம் கைகொடுக்கிறது. தினமும் ஒரே அளவு வேண்டியதில்லை, வாரச் சராசரி சரியாக இருந்தால் போதும். வாரத்துக்கு 260 × 7 = 1820. ஒன்பது மாத்திரை என்றால் 1800. அதனால் டாக்டர் எனக்கு ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு என்று எழுதினார். நான் ஞாயிறும் வியாழனும் இரண்டு எடுக்கிறேன். ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவை சனிக்கிழமை இரவு நிரப்பினால், அடுத்த சனிக்கிழமை வரை யோசிக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில் நானே ஒரு முறை சறுக்கினேன். கடையில் மாத்திரை வாங்கி வந்து வழக்கம்போல ஒன்பதை எண்ணி டப்பாவில் போட்டேன். ஒரு வாரத்துக்குள் மறுபடி குமட்டல், ஆரம்ப நாட்களில் இருந்தது போலவே. பத்தாவது நாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 400 என்று அச்சடித்திருக்கிறது. இந்த மருந்து 200, 300, 400 என்று பல அளவில் வருகிறது. அதில் 400 கைக்கு வந்துவிட்டது, எண்ணிக்கையைச் சரிபார்த்த நான் எண்ணைப் படிக்கவில்லை. நாளுக்கு ஏறக்குறைய 514 மில்லிகிராம் போயிருக்கிறது, கிலோவுக்குப் பத்து. உடனே டாக்டருக்கு போன் செய்தேன். கண் பாதிப்பு பல வருடம் அதிக அளவில் எடுப்பதால் வருவது, பத்து நாளில் வராது, பழைய அளவுக்குத் திரும்பு என்றார். ஆனால் ஒரேயடியாக நிறைய விழுங்கினால் இதயத் துடிப்பையே குலைக்கும் மருந்து இது. சின்னக் குழந்தைகளுக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்து. டப்பா பூட்டு உள்ள இடத்தில் இருக்கட்டும்.

எடை மாறினால் கணக்கும் மாறும். ஐந்து கிலோ ஏறினாலோ இறங்கினாலோ அடுத்த முறை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

படி 3: முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை

இந்த மருந்து விழித்திரையில் சேர்ந்து, நாம் எழுத்துப் படிக்கப் பயன்படுத்தும் நடுப்பகுதியைச் சுற்றி மெதுவாக அரிக்கக்கூடியது. முதல் பரிசோதனை அதைத் தேடுவதற்கு இல்லை. உங்கள் கண்ணில் ஏற்கெனவே வேறு கோளாறு உண்டா என்று பார்த்து வைப்பதற்கு. நடுப்பகுதியில் முன்பே நோய் இருந்தால் பிற்காலத்தில் எது பழசு, எது மருந்தால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

அப்புறம் ஐந்தாவது வருடத்திலிருந்து வருடம் ஒரு முறை. சிறுநீரகம் பலவீனமானவர்கள், மார்பகப் புற்றுக்கு டாமாக்சிஃபென் எடுப்பவர்கள், 5 மில்லிகிராமைத் தாண்டி எடுப்பவர்கள் ஐந்து வருடம் காத்திருக்கக் கூடாது, அவர்களுக்கு முன்னதாகவே தொடங்க வேண்டும். சிறுநீரகம் ஏன் உள்ளே வருகிறது என்றால், மருந்தின் ஒரு பகுதி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. வழி அடைபட்டால் அதே மாத்திரை உடம்பில் அதிகமாகத் தங்கும். கிரியேட்டினின் சோதனையை விடாமல் எடுக்கச் சொல்வதில் இதுவும் ஒரு காரணம்.

பயம் எவ்வளவு நியாயம்? 2014-ல் மெல்லெஸ், மார்மோர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் இதை எடுத்த 2,361 பேரின் கண்களைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேலே சொன்ன 5 மில்லிகிராம் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். அந்த அளவுக்குள் இருப்பவர்களில் முதல் பத்து வருடத்தில் பாதிப்பு வருவது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இருபது வருடம் ஆகும்போது அது நூற்றுக்கு இருபதை நெருங்குகிறது. ஆரம்பத்தில் பயப்பட ஒன்றுமில்லை, வருடம் ஏற ஏறத்தான் விழிப்பாக இருக்க வேண்டும். நடைமுறையில் தலைகீழாகத்தான் பார்க்கிறேன். முதல் வருடம் மூன்று முறை கண் டாக்டரைப் பார்த்தவர்கள் எட்டாவது வருடம் மறந்தே போகிறார்கள்.

படி 4: சரியான சோதனையைக் கேட்டு வாங்குங்கள்

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இந்தச் சோதனை ஆகாது. பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டேன் என்பதும் போதாது. நட்டநடுப்புள்ளி நன்றாக இருந்து அதைச் சுற்றி வளையமாகப் பழுதானால் எழுத்து தெரியத்தான் செய்யும். டாக்டர் விளக்கு அடித்துப் பார்க்கும்போது அந்த வளையம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் ஏற்கெனவே தாமதம்.

வேண்டியவை இரண்டு. ஒன்று ஓ.சி.டி. ஸ்கேன். கருவிக்குள் தெரியும் புள்ளியையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், சில நிமிடம்தான், வலி இல்லை. விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிய கேக் போலக் காட்டும், எந்த அடுக்கு மெலிகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது ஃபீல்டு டெஸ்ட். இது நம் பொறுமைக்கும் சோதனை. இருட்டறையில் ஒரு கண்ணை மூடிக் கட்டி, தாடையை ஏந்தலில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் பார்க்கச் சொல்வார்கள். நடு விளக்கை விட்டுப் பார்வையை நகர்த்தாமல், சுற்றி எங்கே ஒளிப்பொட்டு மின்னினாலும் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். பல பொட்டுகள் மங்கலாகத்தான் வரும், தெரியாதது உங்கள் குற்றமில்லை. யூகத்தில் அழுத்தாதீர்கள். நான் முதல் தடவை இரவெல்லாம் தூங்காமல் போய், நடுவில் கண் சொக்கி, அறிக்கை முழுக்கக் கருப்புத் திட்டு. பத்து நாள் பயந்து கிடந்து, மறுபடி எடுத்தபோது சுத்தமாக இருந்தது. ஒரு சந்தேக அறிக்கையை வைத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். லூபஸ் திரும்பக் கிளம்பினால் சிறுநீரகம் வரை போகலாம். மறுபடி எடுத்து, கண் டாக்டரும் மூட்டு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

அறிக்கையின் மேல் மூலையில் `10-2` அல்லது `24-2` என்று இருக்கும். முதலாவது நடுப்பகுதியை நெருக்கமாகப் பார்ப்பது, இரண்டாவது அகலமாகப் பார்ப்பது. ஆசியர்கள் பலருக்குப் பாதிப்பு நடுவிலிருந்து சற்றுத் தள்ளியே தொடங்குகிறது, அதனால் `10-2` மட்டும் எடுத்தால் தவறிவிடலாம். "அகலமான ஃபீல்டும் எடுக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், பாதிப்பு உறுதியானால் மருந்தை நிறுத்தலாமே தவிர, போன பார்வையைத் திருப்ப வழியில்லை. நிறுத்திய பிறகும் சில காலம் பாதிப்பு வளரக்கூடும். படிக்கும்போது எழுத்து நடுவே விழுந்து மறைவது போன்ற அறிகுறி வருவதற்கு முன்பே, ஸ்கேனில் மட்டும் தெரிகிற கட்டத்தில் பிடிக்க வேண்டும்.

போகும்போது ஒரு தாளில் மருந்து தொடங்கிய தேதி, வார மாத்திரைக் கணக்கு, இன்றைய எடை, கடைசி கிரியேட்டினின், போன வருட அறிக்கை எல்லாவற்றையும் கொண்டு போங்கள். பாவை விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் இப்போதெல்லாம் தங்கையைக் கூட்டிக்கொண்டு காலை முதல் ஆளாகப் போய்விடுகிறேன், முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டு.