டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பெயரும் முகமும் மனதில் நிற்க

ஊரில் நமக்குப் பெயர் அவ்வளவு தேவைப்பட்டதில்லை. மேலதிகாரி என்றால் சார். பக்கத்து வீட்டுக்காரர் அண்ணா, அவர் மனைவி அக்கா. பத்து வருடம் பழகியவரின் பெயரை அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்தான் முதல்முறை படித்திருப்போம். டொராண்டோவில் அந்த வசதி இல்லை. அறுபது வயதை நெருங்கும் மேனேஜரும் முதல் நாளே கை கொடுத்து வெறும் பெயரைத்தான் சொல்வார், நாமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சார் என்றால் கொஞ்சம் நெளிவார். இப்படி வேலையிடம், குடியிருப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து முதல் மாதத்திலேயே ஏகப்பட்ட பெயர்கள் வந்து விழும். சீனம், பஞ்சாபி, பாரசீகம், ஐரிஷ் என்று அதில் பல நம் காது அதுவரை கேட்டிராதவை.

இதில் திணறுகிறவர்கள் பலரும் தங்களுக்கு ஞாபகசக்தி போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. பெயர் மறக்கவில்லை, உள்ளேயே போகவில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்காக மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் முறை நெருங்க நெருங்க, என்ன சொல்லலாம், உச்சரிப்பு சரியாக வருமா என்று மனதுக்குள் ஒத்திகை ஓடும். அந்த நேரத்தில் நமக்கு முந்தியவர் சொன்ன பெயர் காதில் விழுந்தும் விழாமல் போய்விடும். மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். முறை வைத்துச் சொற்களை உரக்கப் படிக்கச் சொன்னபோது, தங்கள் முறைக்குச் சற்று முன் படிக்கப்பட்ட சொற்களைத்தான் ஆட்கள் அதிகம் தவறவிட்டார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. உங்களைப் பற்றிய இரண்டு வரியை வீட்டிலேயே தயார் செய்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம் கூட்டத்தில் காது சும்மா இருக்கும், கேட்கும். அப்படியும் உங்களுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களின் பெயர் நழுவியிருக்கலாம். கூட்டம் முடிந்து எழும்போது அந்த இருவரிடம் மட்டும் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளில் எத்தனை முறை கேட்டாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பெயர் நிற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1987ல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், சில முகங்களைக் காட்டி ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் படிக்கச் சொன்னார்கள். பேக்கர் போன்ற சில சொற்கள் ஒருவருக்குப் பெயராகவும் இன்னொருவருக்குத் தொழிலாகவும் வந்தன. சொல் ஒன்றுதான். ஆனால் தொழிலாகக் கேட்டபோது நினைவில் நின்ற அளவுக்குப் பெயராகக் கேட்டபோது நிற்கவில்லை. ரொட்டி சுடுகிறவர் என்றால் அடுப்பு, மாவு, வாசனை என்று மனதில் ஏதேதோ வரும். வெறும் பெயருடன் அப்படி எதுவும் வருவதில்லை. ஆகவே முதல் பேச்சிலேயே பெயருடன் சேர்த்து ஒரு விஷயத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் இருந்து வருகிறீர்கள், வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி போதும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை பத்து மணி. லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெண் கை கொடுத்து, 'ஷிவான்' என்கிறார். முதல் வேலை, அந்தப் பெயரை உடனே திருப்பிச் சொல்வது: "ஷிவான், சரியாகச் சொல்கிறேனா?" தப்பாக இருந்தால் அந்த நொடியிலேயே திருத்துவார். இந்தக் கேள்வி ஐரிஷ் பெயர்களுக்கு ரொம்ப அவசியம். ஏனென்றால் இதே பெண்ணின் பெயரை மின்னஞ்சலில் Siobhan என்று பார்ப்பீர்கள், எழுத்துக்கூட்டிப் படித்தால் 'சியோபான்' என்று ஏதோ வரும். அப்புறம் இரண்டு நிமிடப் பேச்சு. பில்லிங் பிரிவில் இருக்கிறார், வியாழக்கிழமை அவருடைய நாய்க்கு முழங்காலில் ஆபரேஷன், அதனால் அன்று லீவு.

அவர் லிஃப்டில் ஏறிப் போன கையோடு, இடத்துக்கு நடந்து வரும்போதே அந்தப் பெயரை ஒருமுறை மனதுக்குள் கேட்டுப் பாருங்கள்: இப்போது பேசியது யார்? மறுபடி மதியச் சாப்பாட்டின்போது. மறுபடி மாலை சப்வேயில். அதற்கப்புறம் மறுநாள் காலை. இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும் என்பது முக்கியம். லாண்டௌர், பியார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978ல் பெயர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். சம இடைவெளியில் கேட்டுப் பார்ப்பதை விட, விரிந்துகொண்டே போகும் இடைவெளியில் கேட்டுப் பார்ப்பது நன்றாக வேலை செய்தது. இங்கே கேட்டுப் பார்ப்பது என்றால் குறிப்பைப் பார்க்காமல் கேட்பது. எழுதி வைத்ததைப் பத்து தரம் படித்தால் படித்த மாதிரி இருக்கும், ஆள் எதிரே வந்ததும் வாயில் வராது.

குறிப்பும் வேண்டும், அது சரி பார்ப்பதற்கு. சப்வேயில் உட்கார்ந்ததும் போனில் இப்படி எழுதினால் போதும்:

ஷிவான். மெயிலில் Siobhan. பில்லிங். அடர்ந்த புருவம், கரகரத்த குரல். நாய்க்கு வியாழன் ஆபரேஷன்.

ஒலியைத் தமிழிலேயே எழுதுங்கள். சில பெயர்கள் அப்படியே பிடிபடாது, ஆனாலும் ஆங்கில எழுத்துகள் நம்மைத் தடுமாற வைக்கும் அளவுக்குத் தமிழ் வைக்காது. வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்ததும், "ஷிவான், நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டால் மற்றதை அவரே சொல்லிக்கொண்டு போவார்.

இந்தக் குறிப்பில் நான் எதை எழுதச் சொன்னேன், எதை விட்டேன் என்று பாருங்கள். அவர் எந்தக் கல்லூரி, எத்தனை வருட அனுபவம் என்பதெல்லாம் இல்லை. இன்னும் முடியாமல் இருக்கும் ஒரு விஷயம் மட்டும்தான் இருக்கிறது. ஆபரேஷன், பிள்ளையின் டிரைவிங் டெஸ்ட், வீடு மாறுவது, ஊரிலிருந்து அம்மா வருவது. இவற்றுக்கு 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்க முடியும். முடிந்துபோன தகவலை வைத்து அப்படிக் கேட்க முடியாது. இங்கே இந்த மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் வெளியே வரும், அதிலும் நீண்ட வார இறுதிக்கு முன்னால். மே மாதம் விக்டோரியா டே விடுமுறைக்குப் பலர் ஏரிக்கரையில் உள்ள காட்டேஜைத் திறந்து சுத்தம் செய்யப் போவார்கள். குளிர்காலம் என்றால் பிள்ளைகளின் ஹாக்கி. திரும்பி வந்த அன்று காலையில், வீக்கெண்ட் எப்படிப் போச்சு என்று பொதுவாகக் கேட்டால் நல்லா போச்சு என்று பொதுவாகவே பதில் வரும். காட்டேஜில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருக்குமோ என்று பயந்தீர்களே, என்று கேட்டால் கதை வரும்.

இனி முகம். இதில் குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். புது முகத்தை நாம் பெரும்பாலும் தலைமுடி, முகத்தின் வெளிக்கோடு இவற்றை வைத்துத்தான் பிடித்துக்கொள்கிறோம். ஜனவரியில் பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் கம்பளித் தொப்பி, மஃப்ளர், முழங்கால் வரை கறுப்புக் கோட்டு. நாம் நினைவில் வைத்ததும் கோட்டைத்தான். உள்ளே வந்து கழற்றினால் வேறு ஆள். ஏப்ரலில் மறுபடி வேறு ஆள். இதற்கு மேல், நாம் பார்த்து வளராத இன முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரிவதும் எல்லா மக்களுக்கும் பொதுவான விஷயம். 1969ல் இருந்து இதைப் பற்றி ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவர்களுக்கும் நாமும் நம்மோடு சேர்ந்த இன்னொரு இந்தியரும் ஒரே ஆளாகத் தெரிவதுண்டு, அதனால் யாரும் ரொம்பக் கூச வேண்டியதில்லை. முடி, கண்ணாடி, தாடி மூன்றும் மாறும். புருவம், மூக்கு, வாய் இவற்றின் அமைப்பைப் பாருங்கள். குரலும் நடையும் கோட்டுக்குள் மறையாதவை. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் வரும்போதே நடை சொல்லிவிடும்.

எல்லாம் செய்தும் பெயர் வராது, வராமல் போகும். அப்போது நேரடியாகக் கேட்பதுதான் மரியாதை, 'ரிமைண்ட் மீ யுவர் நேம்' என்று. பேச்சுக்கு நடுவில் சங்கடப்பட்டுக்கொண்டு இருப்பதை விட ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். கூடவே தெரிந்ததையும் சொன்னால் நெருடல் போய்விடும்: "நாம் பார்க்கிங்கில் பனி அள்ளும்போது பேசினோம், உங்கள் மகன் வாட்டர்லூவில் படிக்கிறான், பேர் மட்டும்தான் வரவில்லை." நேரம் கடத்தக் கடத்தத்தான் கேட்க முடியாமல் போகிறது. ஆறு மாதம் கழித்து என்றால், அவர் இல்லாத நேரத்தில் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வழியில்லை.

நினைவில் வைப்பதற்கும் எல்லை உண்டு. அவர் தன் வாயால் உங்களிடம் சொன்னதை மட்டும் கேளுங்கள். ஃபேஸ்புக்கில் பார்த்ததையோ மூன்றாம் ஆள் சொன்னதையோ தெரிந்த மாதிரி எடுத்தால் உளவு பார்க்கிற மாதிரி ஆகிவிடும். உடல்நலம், விவாகரத்து, வேலை போகும் பயம் போன்றவற்றை அவர் தனியாகச் சொல்லியிருந்தால், நாலு பேர் நடுவில் நாம் விசாரிக்கக் கூடாது. ஊரில் அதை அக்கறை என்போம், இங்கே அவர் முகம் சட்டென்று மூடிக்கொள்ளும். அதேபோல் ஒரே மூச்சில் நாய், மகன், காட்டேஜ், அம்மா என்று நான்கையும் ஒப்பிக்காதீர்கள். ஒன்று போதும். குறிப்பை உங்கள் சொந்தப் போனில் மட்டும் வையுங்கள், அலுவலகக் கணினியில் வேண்டாம். அந்த நபர் தற்செயலாகப் படித்தாலும் வருந்தாத மாதிரி எழுதுங்கள். தோற்றத்தைக் குறிக்கும்போது குறிப்பாக.

கடைசியாக, நம் ஆட்கள். ஸ்கார்பரோவில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனால் இதுவரை சொன்ன பயிற்சி பாதிதான் உதவும். அங்கே ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா?" என்பார். ஆமாம் என்றால், யார் சொல்லு பார்ப்போம் என்பார். இங்கே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை, அன்ரி என்றாலே போதும். ஆனால் அவர் எந்த ஊர், யாருடைய அம்மா, யாருக்கு என்ன முறை என்பது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஈழத்துக் குடும்பங்களோடு பழகும்போது, பருத்தித்துறை, சாவகச்சேரி, கிளிநொச்சி என்று ஊர்ப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால் எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், வீடு என்ன ஆனது என்று நீங்களாகத் தோண்ட வேண்டாம். போரில் என்ன இழந்தார் என்பதை அவர் சொல்ல நினைக்கிற நாளில் சொல்வார். பிடிபடாதபோது, "முகம் நல்லா தெரியுது அன்ரி, எங்க பார்த்தோம்?" என்று கேளுங்கள். அவரே ஊரில் தொடங்கி மருமகள் வரை சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் உட்கார்ந்து அதை எழுதிவிடுங்கள். அடுத்த கல்யாணம் பெரும்பாலும் அதே மண்டபத்தில்தான்.