"எல்லாம் மெயில்ல இருக்குங்க": காலையில் லீவு சொல்லும்போது செய்கிற தவறுகள்

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் புதிதாகச் சேர்கிற மெர்ச்சண்டைசர் பிள்ளைகள் ஆறே மாதத்தில் துணியின் ஜிஎஸ்எம்மைக் கையால் தொட்டே சொல்லப் பழகிவிடுகிறார்கள். காய்ச்சல் வந்த காலையில் மேனேஜரிடம் என்ன சொல்வது என்பது மட்டும் மூன்று வருஷம் ஆனாலும் பிடிபடுவதில்லை. இப்போது சீனியராக இருப்பவர்கள் ஒரு காலத்தில் செய்த அதே தப்புகள்தான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. சொல்லாமலே வராமல் இருப்பது, தங்கச்சியை விட்டுப் பேச வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அது தப்பென்று எல்லாருக்கும் தெரியும்.

ஆபீஸ் திறந்த பிறகு சொல்வது

ஒன்பது மணி ஆபீஸ் என்றால் ஒன்பதுக்குள் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் டையிங்கிலிருந்தும் பிரிண்டிங்கிலிருந்தும் எட்டு மணிக்கே போன் வர ஆரம்பித்துவிடும். மேனேஜர் வண்டியில் வரும்போதே அன்றைக்கு யார் எந்த யூனிட்டுக்குப் போவது என்று மனதுக்குள் பிரித்துவிடுவார். ஒன்பது மணிக்கு நீங்கள் சொன்னால் அந்தக் கணக்கைக் கலைத்து மறுபடி போட வேண்டும். அதற்குள் ஒருவர் பல்லடம் பக்கம் கிளம்பியிருப்பார்.

ஏழரைக்குள் போன் பண்ணுங்கள். எடுக்கவில்லையென்றால் அவருக்குத் தனியாக ஒரு மெசேஜ், கால் மணி நேரம் கழித்து இன்னொரு போன். டீம் குரூப்பில் மட்டும் போட்டுவிட்டுப் படுப்பது சொன்னதாகக் கணக்கில் வராது. இரவிலேயே காய்ச்சல் ஏறிவிட்டதென்றால், "காலையில பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று இரவே ஒரு வரி போட்டு வைத்தால் அவர் ஒரு மாற்று ஆளை யோசித்து வைத்திருப்பார்.

"முடிஞ்சா மத்தியானம் வரப் பாக்கறேன்"

இதைச் சொல்லாதீர்கள். உங்கள் வேலையை யாரிடமும் கொடுக்காமல் இரண்டு மணி வரைக்கும் வைத்திருப்பார்கள்.

"எல்லாம் மெயில்ல இருக்குங்க"

இத்தனை வருஷம் கேட்டும் எரிச்சல் அடங்காத வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்வதில்லை, மெயிலில் எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வேலை எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. கடைசியாக மாறிய விஷயம் பெரும்பாலும் மெயிலுக்கு வந்திருக்காது. அது உங்கள் தலையிலோ கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பிலோ இருக்கும்.

ஒரு ஆர்டரை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 9,888 டி-ஷர்ட், பெட்டிக்கு 24 என்று 412 பெட்டி. திங்கள் மாலை நான்கு மணிக்குப் பேக்கிங் லிஸ்ட் தயாராகி, டாக்குமெண்டேஷன் ஆளுக்கு மெயிலில் போகிறது. ஆறு மணிக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் மூன்று பெட்டியில் சைஸ் ஸ்டிக்கர் மாறியிருப்பது தெரிகிறது. அதை ஒதுக்கிவிட்டு மீதியை அனுப்பிவிடலாம் என்று பையர் தரப்பில் சம்மதம் வாங்கியாகிவிட்டது. இனி 409 பெட்டி, 9,816 பீஸ். மெர்ச்சண்டைசர் எட்டு மணிக்கு லிஸ்டைத் திருத்தி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு, காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போகிறார். நடுராத்திரியில் காய்ச்சல்.

செவ்வாய் காலை குரூப்பில் வருகிற செய்தி: "ஃபீவர், டுடே லீவுங்க. டாக்குமெண்ட்ஸ் எல்லாம் மெயில்ல இருக்குங்க."

பக்கத்து சீட்டுக்காரர் மெயிலைத் திறந்து, இருந்த லிஸ்டை கிளியரிங் ஏஜென்டுக்கு அனுப்புகிறார். அவர்மேல் தப்பே இல்லை. ஏஜென்ட் 412 பெட்டிக்கு ஷிப்பிங் பில் போடுகிறார். சாயங்காலம் லாரியில் ஏறியது 409. மறுநாள் தூத்துக்குடியில் சரக்கை இறக்கி எண்ணும்போது மூன்று பெட்டி குறைகிறது. ஷிப்பிங் பில்லில் திருத்தம் கேட்டு கஸ்டம்ஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்வாய்ஸையும் மாற்ற வேண்டும். அதற்குள் கட்-ஆஃப் நேரம் தாண்டிவிட்டால் சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும். பையர் காத்திருக்க மாட்டேன் என்றால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில். அந்த ஆர்டரில் வந்த லாபம் அதற்கே போதாமல் போகலாம்.

அதே காய்ச்சலோடு படுத்துக்கொண்டே இப்படி அனுப்பியிருக்கலாம்:

"சார், நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சலுங்க, இன்னைக்கு வர முடியாதுங்க. அவசரம் ஒண்ணே ஒண்ணுதானுங்க. தூத்துக்குடி ஷிப்மெண்ட்டு 412 பெட்டி இல்லீங்க, 409. நேத்து நாலு மணி மெயில்ல இருக்கற லிஸ்டைத் தொட வேண்டாமுங்க. திருத்துனது என் டெஸ்க்டாப்ல 'FINAL 409'ங்கற பேர்ல இருக்குது. பதினோரு மணிக்குள்ள ஏஜென்டுக்குப் போகோணும். பக்கத்து சீட்டு அண்ணாகிட்டச் சொல்லிட்டனுங்க, பாத்துக்கறேன்னாரு. மத்த ரெண்டு ஆர்டரும் நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

எழுத ஐந்து நிமிஷம் ஆகுமா? இதில் வேலை நிற்கிற நிலை இருக்கிறது, அடுத்து என்ன செய்வது, எத்தனை மணிக்குள், யார் என்பதும் இருக்கிறது. இவற்றைவிடப் பெரியது, எதைத் தொடக்கூடாது என்கிற வரி. பழைய ஃபைலும் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும் என்பதால், வேலையை ஏற்பவருக்கு அதில் சந்தேகமே வராது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பதும் முக்கியம். அது இல்லையென்றால் எது அவசரம் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: "அண்ணாகிட்டச் சொல்லிட்டேன், பாத்துக்கறேன்னாரு." மேனேஜரிடம் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த ஆளுக்கே தகவல் போகாமல் விட்டால் பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் அவரிடம் கேட்டு, ஆமாம் என்ற பிறகு மேனேஜரிடம் சொல்லுங்கள். அவரே வேறு இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டியிருந்தால், "ஆள் இல்லீங்க, நீங்கதான் சொல்லோணும்" என்று மேனேஜரிடமே விட்டுவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

போனை அணைத்துவிட்டுத் தூங்குவது

பையரின் போர்ட்டலில் நுழைய ஓடிபி உங்கள் நம்பருக்குத்தான் வரும். டையிங் மாஸ்டர், லாரி டிரைவர், பிரிண்டிங்காரர் நம்பரெல்லாமும் உங்கள் போனில்தான் இருக்கும். மாத்திரை போட்டுப் படுப்பதற்கு முன் அன்றைக்குத் தேவைப்படும் இரண்டு மூன்று நம்பரை அனுப்பிவிடுங்கள். ஓடிபி தேவை இருக்கிறதா என்று கேளுங்கள். "பத்தரைக்கு லாகின் பண்ணுங்க, அப்ப முழிச்சிருப்பேன், அப்பறம் தூங்கிருவேன்" என்று நேரம் குறித்துக் கொடுத்தால் நாள் முழுக்க போன் அடிக்காது. பாஸ்வேர்டை குரூப்பில் போடவே போடாதீர்கள்.

எழுந்து உட்காரவே முடியவில்லையா? எழுத வேண்டாம். ஒரு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்புங்கள், பெட்டி எண்ணிக்கையை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். காய்ச்சல் குரலில் 409 சில சமயம் 429 என்று காதில் விழும்.

நோயின் விவரம்

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று ஒரு வார்த்தை போதும். தெர்மாமீட்டர் படம் வேண்டாம்.

திரும்பி வந்த அன்று

விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடங்குவதும் தப்புதான். நீங்கள் இல்லாத நாளில் இன்னொருவர் ஃபைலைத் திறந்திருப்பார், ஏஜென்ட் ஏதாவது கேட்டுப் பதில் வாங்கியிருப்பார். சீட்டில் உட்காருமுன் அந்த அண்ணாவிடம் போய் என்ன போனது, என்ன மாறியது என்று கேளுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் 412 லிஸ்டை அப்போதே அழித்துவிடுங்கள்.