பழைய மேனேஜரிடம் ரெஃபரன்ஸ் கேட்பது எப்படி? மன்னார்குடி அரிசி மில் லேபிலிருந்து ஒரு உதாரணம்

திருச்சியில் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, அவருடைய பழைய மேலாளருக்குப் போன் போட்டு விசாரிப்பது என் வேலை. நான் அதிகம் கேட்கும் பதில் ஒன்று உண்டு: "நல்ல பொண்ணு சார், நல்லா வேலை பார்க்கும்." சரி, என்ன வேலை, எப்படிப் பார்த்தது என்று அடுத்துக் கேட்டால் மறுமுனையில் சத்தம் வராது. அவர் சொல்ல மனசில்லாதவர் இல்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது, மறந்துபோச்சு, அவ்வளவுதான்.

ஆகவே ரெஃபரன்ஸ் கேட்பது என்றால் ஒருவரின் பெயரையும் நம்பரையும் வாங்கிப் படிவத்தில் எழுதுவது மட்டும் இல்லை. அவர் கண்ணால் பார்த்த விஷயத்தை அவருக்கே திரும்ப ஞாபகப்படுத்த வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று என் பெரியம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். ஊர் மன்னார்குடிப் பக்கம். அங்கே ஒரு நவீன அரிசி ஆலையின் லேபில் 2021 ஜூனிலிருந்து 2024 ஜனவரி வரை இருந்தாள். வருகிற நெல்லுக்கு ஈரப்பதம், கருக்காய், கல் மண் பார்ப்பது அவள் வேலை. இப்போது விண்ணப்பித்திருப்பது நெல் கொள்முதல் செய்யும் வேறொரு நிறுவனத்தில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர் வேலைக்கு. கீழே நாலு பேர் இருப்பார்கள். விவசாயியிடமும் வியாபாரியிடமும் நேரடியாகப் பேச வேண்டியிருக்கும்.

முதல் படி: யாரைக் கேட்பது

அவள் முதலில் சொன்ன பெயர் மில் முதலாளியுடையது. ஊரில் பெரிய மனுஷர், நாலு பேருக்குத் தெரிந்தவர். வேண்டாம் என்றேன். லேபில் யார் என்ன செய்தார்கள் என்று முதலாளிக்குத் தெரியாது. அவளுக்கு நேர் மேலே இருந்தவர் உற்பத்தி மேனேஜர். லோடை இறக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று தினமும் அவளிடம் கேட்டு முடிவு செய்தவர் அவர்தான். பதவி சின்னதாக இருந்தாலும், உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் உங்களுக்கு வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை நிறுவனத்தின் அலுவலகத்திலோ பி.எஃப். பதிவிலோ தனியாகச் சரிபார்த்துக்கொள்வார்கள். மேனேஜரிடம் கேட்பது வேலையைப் பற்றி. இரண்டும் வேறு என்றாலும் இரண்டிலும் ஒரே விவரம் வர வேண்டும். அவள் தன் பயோடேட்டாவில் 'குவாலிட்டி எக்சிகியூட்டிவ்' என்று போட்டிருந்தாள். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் 'லேப் அசிஸ்டன்ட்'. மேனேஜரும் லேப் அசிஸ்டன்ட் என்றுதான் சொல்வார். அந்த ஒரு சொல்லே கேட்பவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். கடிதத்தில் உள்ளபடியே மாற்றச் சொன்னேன்.

இப்போது வேலை பார்க்கும் இடத்து மேலாளரின் பெயரை மட்டும், வேலை உறுதியாகும் முன் கொடுக்காதீர்கள். கிளம்பப்போகிறீர்கள் என்பது நீங்கள் சொல்லும் முன்பே அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: முதலில் போன்

இவள் விஷயத்தில் ஒரு முள் இருந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று, ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியவள் பதினைந்தே நாளில் கிளம்பிவிட்டாள். அதுவும் சம்பா அறுவடை தொடங்குகிற தை மாதம். லாரி வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் லேபில் ஆள் இல்லாமல் அந்த மேனேஜர் தவித்திருப்பார். "அதுக்கப்புறம் நான் அவருக்குப் பேசவே இல்லண்ணே, வாட்ஸ்அப்ல கேட்டுடவா?" என்றாள்.

இப்படிப் பழைய வருத்தம் ஏதாவது இருந்தால் கட்டாயம் போனில்தான் பேச வேண்டும். எழுதிக் கேட்டால் அவர் மரியாதைக்குச் 'சரிம்மா' என்று பதில் போட்டுவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குரலில் தெரிந்துவிடும்.

நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். நெல் மில்லில் இருப்பவரைத் தை, மாசியில் பகல் நேரத்தில் கூப்பிட்டால் அவர் லாரிக்கும் எடைமேடைக்கும் நடுவில் நிற்பார். அவள் கூப்பிட்டது வைகாசியில், ராத்திரி எட்டு மணி வாக்கில். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது:

"சார், வணக்கம். மில் லேப்ல இருந்தேனே, நான்தான் பேசுறேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்? சீசன் நேரத்துல உங்களை விட்டுட்டுப் போயிட்டேன், அப்புறம் ஒரு போன்கூடப் பண்ணல. தப்புதான் சார்."

"அதை விடும்மா. அப்பா எப்படி இருக்காரு?"

"நடக்குறாரு சார். நான் இப்ப ஒரு வேலைக்குப் போட்டிருக்கேன். பழைய மேனேஜர்கிட்ட விசாரிப்பாங்களாம். என் வேலையைப் பத்தி உங்களால நல்லபடியா சொல்ல முடியும்னு தோணுனா மட்டும் உங்க பேரைக் கொடுக்குறேன். முடியாதுன்னாலும் சொல்லிடுங்க சார், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம். 'பேரைக் கொடுக்கலாமா' என்று மட்டும் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். 'நல்லபடியா சொல்ல முடியுமா' என்றால் யோசிப்பார்கள். மறுக்க வழி விட்டுக் கேட்கிறபோது கிடைக்கும் 'சரி'க்குத்தான் மதிப்பு. "பார்ப்போம்", "ஆபீஸ்ல கேட்டுக்கச் சொல்லேன்", "எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லையே" என்று இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். அரைமனசாகப் பேசுகிற ரெஃபரன்ஸ் போனில் எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: விவரத்தை எழுதி அனுப்புவது

அவர் சரி என்றால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். மூன்று பக்கப் பயோடேட்டாவை மட்டும் அனுப்பினால் அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். போனில் ஒருமுறை விரலால் தள்ளிப் படித்து முடிக்கிற அளவுக்கு இருக்கட்டும். அவள் அனுப்பியது:

> சார், சரின்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி. விவரம் கீழே.
>
> வேலை: நெல் கொள்முதலில் தர மேற்பார்வையாளர். வருகிற நெல்லைச் சோதிப்பது, லோடை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு சொல்வது, லேபில் நாலு பேரைப் பார்த்துக்கொள்வது.
>
> நான் நம் மில்லில் இருந்தது: 2021 ஜூன் முதல் 2024 ஜனவரி வரை, லேப் அசிஸ்டன்ட்.
>
> அவர்கள் முக்கியமாகப் பார்க்கிற மூன்று விஷயம், உங்களுக்கு ஞாபகம் வரட்டும் என்று எழுதுகிறேன்:
>
> 1. அளவு சரியாகப் பார்ப்பது. 2023 பிப்ரவரியில் மழை பெய்து சம்பா சாய்ந்ததே, அப்போது கேட்டில் இருந்த ஈரப்பத மீட்டர் 17 காட்டியது, லேப் மீட்டர் 19 காட்டியது. சாம்பிளை ஓவனில் போட்டுப் பார்த்து, கேட் மீட்டர்தான் தப்பு என்று உங்களிடம் வந்து சொன்னேன். அந்த லோடுகளை அட்டி போடாமல் டிரையருக்கு அனுப்பினீர்கள்.
>
> 2. விவசாயிகளிடம் பேசுவது. ஈரத்துக்குக் கழிவு போட்டால் சண்டை வரும். அவர்கள் கையாலேயே சாம்பிள் எடுக்கச் சொல்லி, எதிரிலேயே திரும்பச் சோதித்துக் காட்டுவேன்.
>
> 3. ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது. 2023 குறுவைக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்களை நான்தான் பழக்கினேன்.
>
> ஏன் போனாள் என்று கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள் சார். இங்கிலீஷில் மெயில் எழுதுவதில் நான் இன்னும் தேற வேண்டும், அதையும் சொல்லலாம். நீங்கள் வேறு மாதிரி நினைத்திருந்தால் உங்கள் நினைவுப்படியே சொல்லுங்கள்.

முதலில் அவள் எழுதிக் காட்டிய வரைவில் 'கடின உழைப்பாளி, பொறுப்பானவள், நேரம் தவறாதவள்' என்று இருந்தது. எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னேன். பெயரடையை அனுப்பினால் மேனேஜர் பெயரடையைத்தான் திருப்பிச் சொல்வார். கேட்கிற என் காதில் அது நிற்காது. மீட்டர் கதை நிற்கும். ஈர நெல்லை மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி அட்டி போட்டால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அரசுக் கொள்முதலில் வழக்கமான ஈரப்பத வரம்பும் 17 சதவீதம்தான். அந்த இடத்தில் இரண்டு புள்ளி தப்பைக் கண்டுபிடித்தவள் என்றால், அவள் யார் என்று சொல்ல வேறு சொல் தேவையில்லை.

தேதியைவிடப் பருவத்தைச் சொல்லுங்கள். டெல்டாவில் வேலை பார்த்தவருக்கு 'பிப்ரவரி இரண்டாம் வாரம்' ஒன்றையும் கிளப்பாது. 'சம்பா சாய்ந்த வருஷம்' என்றால் அந்த மழையும் நனைந்த சாக்கும் அவருக்கே வந்துவிடும்.

மூன்று விஷயத்தையும் பழைய வேலையிலிருந்து எடுக்காமல், புது வேலையின் விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தில் ஆட்களை மேய்க்க வேண்டும் என்று இருந்ததால்தான் பையன்களைப் பழக்கியது உள்ளே வந்தது. அவள் பெருமையாக நினைத்த ஒன்று, லேப் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது, வெளியே போனது. நல்ல வேலைதான். இங்கே அதை யாரும் கேட்கப்போவதில்லை.

வாசகத்தை மனப்பாடம் செய்யும்படி கொடுத்துவிடாதீர்கள். ஒரு முறை ஒரு மேனேஜர் எனக்கு வாட்ஸ்அப்பைப் பார்த்தே படித்தார். நடுவில் "அடுத்து மூணாவது பாயின்ட்" என்றார். அதற்கு மேல் நானும் எதுவும் கேட்கவில்லை.

நான்காம் படி: போன் வருவதற்கு முன்

விசாரிக்கிறவர் எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவார் என்று கேட்டு வாங்கி, மேனேஜருக்கு அனுப்பிப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். தெரியாத நம்பர், அதிலும் திரையில் ஸ்பாம் என்று காட்டினால், யார் எடுப்பார்கள்? இரண்டு தடவை எடுக்காவிட்டால் சில நிறுவனங்கள் 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதி மூடிவிடும்.

மெயிலில் விசாரிக்கிற இடங்களில் அலுவலக முகவரிதான் கேட்பார்கள். இவளுடைய மேனேஜரோ அந்த மில்லை விட்டுத் தஞ்சாவூரில் வேறொரு ஆலைக்குப் போய்விட்டார். ஆகவே அவருடைய ஜிமெயிலைக் கொடுத்து, 'அப்போது என் நேர் மேலாளர், இப்போது வேறு இடத்தில் இருக்கிறார்' என்று படிவத்திலேயே ஒரு வரி எழுதச் சொன்னேன். முன்கூட்டியே சொன்னால் தகவல். அவர்களாகக் கண்டுபிடித்தால் கேள்வி.

போன் பதினைந்து நிமிஷம் நடந்ததாம். மீட்டர் கதையைச் சொல்லிவிட்டு, அவள் எழுதாத ஒன்றையும் அவரே சேர்த்திருக்கிறார்: கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி வரை உட்கார்ந்து, எந்த லோடு எந்த அட்டியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போனாள் என்று. பதினைந்து நாள் நோட்டீஸ் பற்றிக் கேட்டபோது அதைத்தான் பதிலாகச் சொன்னாராம். அவளுக்கே அது மறந்திருந்தது.

பிறகு

முடிவு எதுவானாலும் தெரிந்த அன்றே அவருக்குச் சொல்லுங்கள். வேலை உறுதியானதும் அவள் முதலில் அம்மாவுக்கும் அடுத்து அவருக்கும் போன் போட்டாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்க மீட்டர் எத்தனை வச்சிருக்காங்க?"