4.5 வோல்ட்டிலேயே நின்ற மின்தேக்கி

9 வோல்ட் பேட்டரி, 1 மெகா ஓம் மின்தடை, 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கும் RC கணக்குப்படி நேர மாறிலி, அதாவது மின்னிறக்கத்தில் மின்னழுத்தம் தொடக்க மதிப்பில் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம், 10 வினாடி. ஆனால் மின்தேக்கியின் குறுக்கே வைத்த மல்டிமீட்டர் 4.5 வோல்ட்டைத் தாண்டவே இல்லை. மின்னிறக்க வரைபடத்திலும் 5 வினாடிதான் வந்தது. பேட்டரியை மாற்றினேன், மின்தேக்கியை மாற்றினேன், அதே கதைதான்.

கடைசியில் பார்த்தால் கோளாறு மீட்டரில். என்னுடைய மலிவு மீட்டரின் உள்தடையும் 1 மெகா ஓம். மின்னேற்றத்தில் அது மின்தடையோடு சேர்ந்து பேட்டரி மின்னழுத்தத்தைச் சரிபாதியாகப் பிரித்தது. மின்னிறக்கத்தில் பக்க இணைப்பாகி மொத்தத் தடையைப் பாதியாக்கியது.

சரி என்று 10 கிலோ ஓம், 1000 மைக்ரோ ஃபாரட் எனப் பாகங்களை மாற்றினேன். RC அதே 10 வினாடி, மீட்டரால் வரும் பிழையோ சுமார் 1 சதவீதம். மின்தேக்கி 8.9 வோல்ட் வரை ஏறியது. அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே மின்தடை வழியாக இறக்கினேன். 8.9-இல் 37 சதவீதம் 3.3 வோல்ட்; வளைகோடு அந்த உயரத்தைத் தொட்டது 11.5 வினாடியில். தொடக்கப் புள்ளியில் வரைந்த தொடுகோடும் நேர அச்சை ஏறத்தாழ அங்கேயே வெட்டியது. கூடுதல் ஒன்றரை வினாடி மின்தேக்கியின் கைங்கரியம்: அதன் மேல் அச்சிட்ட மதிப்பு 20 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம்.