புதிதாகப் பழகுபவரின் இன்ஸ்டாகிராமில் ஃபாலோ, லைக், கமென்ட்: எதை எப்போது செய்வது?

நண்பரின் திருமணத்தில் ஒருவரைச் சந்தித்துப் பேசியிருக்கிறீர்கள். அவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் அவருடைய பக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதே இந்த விளக்கம்.

முதற்படி, ஃபாலோ கோருவதற்கு முன் உங்கள் சொந்தப் பக்கத்தைச் சரிசெய்வது. அவருடைய கணக்கு பிரைவேட்டாக இருந்தால், உங்கள் கோரிக்கை அவருக்கு ஒரு சிறு படமாகவும் பெயராகவும் மட்டுமே போய்ச் சேரும். படத்தில் பூவோ நடிகரோ இருந்து, உங்கள் கணக்கும் பூட்டியிருந்தால், திருமணத்தில் பேசியவர் நீங்கள்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முன்பின் தெரியாதவர்களின் கோரிக்கைகளை நாள்தோறும் நீக்குபவர், அவற்றோடு உங்களுடையதையும் நீக்கிவிடுவார். முகம் தெரியும் படமும் சொந்தப் பெயரும் போதும்.

இரண்டாம் படி, கோரிக்கை. பேச்சின் முடிவிலேயே "இன்ஸ்டாவில் ஃபாலோ செய்யலாமா?" என்று நேரில் கேட்டுவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. கேட்கவில்லையென்றால், சந்தித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அனுப்புங்கள். மாதம் கழித்து வருவது அவரைக் குழப்பும். பொத்தானில் "Requested" என்றே நீடித்தால், அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை அல்லது பார்க்கவில்லை என்று பொருள். அது மீண்டும் "Follow" என்று மாறியிருந்தால் பெரும்பாலும் அவர் நீக்கிவிட்டார். இன்ஸ்டாகிராம் இதை உங்களுக்கு அறிவிக்காது. மறுபடி அனுப்பாதீர்கள், வேறு தளத்தில் தேடியும் போகாதீர்கள்.

மூன்றாம் படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கோரிக்கை ஏற்கப்பட்ட அன்றிரவே பழைய படங்களையெல்லாம் பார்க்கத் தோன்றும். பார்ப்பதில் தவறில்லை, சாதாரணப் பதிவுகளை யார் பார்த்தார்கள் என்பது பதிவிட்டவருக்குத் தெரிவதுமில்லை. ஆனால் படத்தின் மேல் இருமுறை விரல் பட்டாலே லைக் விழுந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கோயில் படத்துக்கு நள்ளிரவில் வரும் லைக், நீங்கள் அவ்வளவு தூரம் கீழே போயிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடும். ஆகவே பழகும் தொடக்கத்தில், நீங்கள் ஃபாலோ செய்த பிறகு வந்த பதிவுகளுக்கு மட்டும் லைக் இடுங்கள். அவற்றிலும் உண்மையில் பிடித்தவற்றுக்கு மட்டும்.

ஸ்டோரியின் விஷயம் வேறு. அதைப் பார்த்தவர்களின் பட்டியல் பதிவிட்டவருக்குக் காட்டப்படும் என்பதால், நீங்கள் பார்ப்பதே அவருக்குத் தெரியும். ஸ்டோரிக்கு இடும் லைக் அவருக்கு மட்டுமே தெரியும். பதிவுக்கு இடும் லைக்கைப் பிறரும் பார்க்க முடியும். அதனால் ஆரம்ப நாட்களில் நான் ஸ்டோரியின் பக்கம்தான்.

நான்காம் படி, கமென்ட். இங்கே என் கருத்து கண்டிப்பானது: பழக்கம் உறுதிப்படும்வரை பொதுவில் கமென்ட் வேண்டாம். அவருடைய பதிவை அக்கா, அத்தை மகன், அலுவலகத் தோழி எல்லோரும் பார்ப்பார்கள். அறிமுகமில்லாத ஒரு பெயர் வரிசையாக இதயக் குறிகள் இட்டால், "யார் இது?" என்ற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல.

மாற்றாக, ஸ்டோரிக்கு மறுமொழி எழுதுங்கள். அது தனிச் செய்தியாகப் போகும். எடுத்துக்காட்டாக, அவர் மொட்டைமாடித் தொட்டியில் காய்த்த கத்தரிக்காயை ஸ்டோரியில் போட்டிருக்கிறார் என்று கொள்வோம். "சூப்பர்" என்றால் அவர் ஒரு நன்றியோடு முடித்துக்கொள்வார். "எங்கள் வீட்டுக் கத்தரியில் பூ நிற்காமல் உதிர்கிறது, நீங்கள் என்ன உரம் போடுகிறீர்கள்?" என்று கேட்டால், அவர் பதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் வீட்டில் உண்மையிலேயே கத்தரிச் செடி இருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள். பதில் ஒற்றைச் சொல்லாகவோ வெறும் குறியாகவோ வந்தால், அடுத்த இரண்டு மூன்று ஸ்டோரிகளைப் பேசாமல் பார்த்துவிட்டு நகருங்கள். அவரே எதிர்க்கேள்வி கேட்டாலோ, உங்கள் ஸ்டோரிக்குத் தாமாக எழுதினாலோ, அடுத்த உரையாடலை நீங்கள் தயங்காமல் தொடங்கலாம்.

பின்சேர்க்கை: பழைய படத்துக்குத் தவறி லைக் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உடனே எடுத்துவிட்டால் செயலிக்குள் இருக்கும் அறிவிப்புப் பட்டியலிலிருந்து அது மறைந்துவிடும். ஆனால் அதற்குள் அவருடைய கைப்பேசித் திரையில் அறிவிப்பு ஒளிர்ந்திருக்கவும் கூடும். லைக்கை இட்டு, எடுத்து, மீண்டும் இட்டு விளையாடாதீர்கள். எடுத்தீர்களென்றால் எடுத்ததோடு விட்டுவிடுங்கள். அவரே கேட்டால், பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.