ஸ்பிரிங்க்ளர் பொருத்தினால் பிரீமியம் குறையுமா? வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கடையிலோ தொழிற்கூடத்திலோ நாலைந்து தீயணைப்பான்களை மாட்டிவிட்டு, அடுத்த புதுப்பித்தலில் பிரீமியம் குறையும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் கருவிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஆளில்லாத நள்ளிரவில் தீப்பிடித்தால் இழப்பு எவ்வளவு குறையும் என்பதையே அது பார்க்கிறது.

அந்தக் கண்ணோடு தீயணைப்பான், அலாரம், ஸ்பிரிங்க்ளர் ஆகிய மூன்று கருவிகளையும் பார்த்தால் நிலைமை தெளிவாகும். தீயணைப்பானை ஒருவர் கையில் எடுத்து இயக்கினால்தான் பயன் உண்டு என்பதால், அதை ஒவ்வோர் இடத்திலும் இருந்தே ஆக வேண்டிய அடிப்படைத் தேவையாகவே நிறுவனங்கள் கருதுகின்றன. இருந்தால் சலுகை கிடைப்பது அரிது. இல்லாவிட்டால் பாலிசி தரவே தயங்குவார்கள். அலாரம் தீயை அறிவிக்குமே தவிர அணைக்காது. பூட்டிய கட்டடத்துக்குள் மட்டும் ஒலிக்கும் மணிக்கு மதிப்பு குறைவு. இரவும் பகலும் ஆள் இருக்கும் கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் அலாரத்துக்குச் சிறிய தள்ளுபடி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங்க்ளர் மட்டுமே, யாருடைய உதவியும் இல்லாமல் தீயை உணர்ந்து தண்ணீரையும் தெளிக்கிறது. குறிப்பிடத்தக்க தள்ளுபடி பெரும்பாலும் இதற்கே கிடைக்கிறது.

ஸ்பிரிங்க்ளரின் தலை எனப்படும் முனையில் திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். பரவலாகக் காணப்படும் சிவப்புக் குமிழ் ஏறத்தாழ 68 பாகை செல்சியசில் உடைந்து தண்ணீருக்கு வழிவிடும். வழக்கமான அமைப்பில், எந்தத் தலையின் குமிழ் சூடேறி உடைகிறதோ அது மட்டுமே திறக்கும். எங்கோ ஒரு மூலையில் எழுந்த புகைக்காகச் சரக்கு முழுவதும் நனைந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது.

முதல் படி: பிரீமியத்தைப் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் செலுத்தும் பிரீமியம் முழுவதும் தீக்கானது அல்ல. திருட்டு, வெள்ளம், நிலநடுக்கம், பிறருக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றுக்கான பகுதிகளும் அதில் அடங்கியிருக்கலாம். ஸ்பிரிங்க்ளருக்கான தள்ளுபடி தீக்கான பகுதியின் மீது மட்டுமே கணக்கிடப்படும். ஆகவே பகுதிவாரியான கணக்கை முதலில் கேட்டு வாங்குங்கள்.

மரச்சாமான் செய்யும் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஆண்டுப் பிரீமியம் 100 பங்கு. அதில் தீக்கான பகுதி 60 பங்கு. நிறுவனம் 30 சதவீதத் தள்ளுபடி தர ஒப்புக்கொண்டால் மிச்சமாவது 18 பங்குதான், 30 அல்ல. ஆண்டுப் பராமரிப்புக்கு 6 பங்கு செலவானால் நிகர மிச்சம் 12 பங்கு. பொருத்துவதற்கு 150 பங்கு செலவானால், முதலீடு திரும்பி வரப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். தீயால் தொழில் நின்றுபோகும் காலத்துக்கான இலாப இழப்புக் காப்பீடும் எடுத்திருந்தால், அதிலும் குறைப்பு உண்டா என்று கேளுங்கள். கிடைத்தால் இந்தக் காலம் சுருங்கும். பிரீமியத்தை மட்டுமே நம்பிச் சிறிய கடைக்கு ஸ்பிரிங்க்ளர் போடுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. ஒரே தீயில் தொழிலே முடங்கிவிடும் இடத்துக்குத்தான் அது உண்மையாகப் பொருந்தும்.

இரண்டாம் படி: விலை பேசுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்

பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். எந்தத் தரவிதியின்படி அமைக்க வேண்டும், யார் வடிவமைத்துச் சான்றளிக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் பம்பும் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும், எத்தனை சதவீதம் குறையும் ஆகியவற்றை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெறுங்கள். வரைபடத்தையும் முன்கூட்டியே அவர்களிடம் காட்டிவிடுங்கள். விற்பனைக் கூடத்தில் மட்டும் ஸ்பிரிங்க்ளர் போட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் கிடங்கை விட்டுவிட்டால், தீ அங்கே வளர்ந்து பெருகியபின் முன்பக்கம் வரும். அந்த வேகத்தை முன்பக்கத்து அமைப்பால் தாங்க முடியாது. பாதி இடத்தை மட்டும் காக்கும் அமைப்புக்குப் பல நிறுவனங்கள் தள்ளுபடியே தருவதில்லை.

மூன்றாம் படி: சரக்குக்கு ஏற்ப வடிவமைக்கச் செய்யுங்கள்

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைக் கட்டடத்தின் பரப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு உயரத்துக்கு அடுக்கப்படுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட கூடத்தில் மரப் பலகைகளுக்காக அமைப்பு போடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பிற்பாடு சோபா செய்யத் தொடங்கி, மெத்தைக்கான ஃபோம் கட்டுகளைக் கூரைவரை அடுக்கினால், அதே குழாயும் அதே பம்பும் போதாமல் போய்விடும்; ஃபோம் அவ்வளவு வேகமாகவும் சூடாகவும் எரியும். மேலும், அடுக்கின் உச்சிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைக்கும் இடையே சாதாரணமாக அரை மீட்டர் அளவு இடைவெளி இல்லாவிட்டால் தண்ணீர் விரிந்து பரவாது. தலைகளின் மீது பெயிண்ட் பட்டுவிட்டால் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள். அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

நான்காம் படி: தள்ளுபடியைப் பாலிசியில் ஏற்றுங்கள்

பொருத்தி முடித்ததும் சான்றிதழையும் சோதனை அறிக்கையையும் அனுப்பி, நிறுவனத்தின் பொறியாளர் வந்து பார்வையிட ஏற்பாடு செய்யுங்கள். பாலிசியில் திருத்தம் எழுத்தில் வந்த பிறகே தள்ளுபடி உறுதியாகும். ஆண்டின் நடுவில் வேலை முடிந்தால், எஞ்சிய மாதங்களுக்கான குறைப்பு உண்டா என்றும் கேளுங்கள். குழாய் உடைந்தோ தலை தவறுதலாகத் திறந்தோ சரக்கு நனைந்தால் அதற்குக் காப்பு இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பல பாலிசிகள் இதைத் தனியாகக் குறிப்பிடுகின்றன.

திருத்தத்தோடு ஒரு நிபந்தனையும் வரும்: கருவிகள் எப்போதும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். தள்ளுபடியை வாங்கிக்கொண்டு இதை மீறினால், தீ நேர்ந்த நாளில் இழப்பீடு குறையவோ மறுக்கப்படவோ கூடும்.

ஐந்தாம் படி: வால்வு திறந்திருக்கிறதா என்று சோதியுங்கள்

தீ நேரத்தில் ஸ்பிரிங்க்ளர் இயங்காமல் போவதற்கு மிக அடிக்கடி காணப்படும் காரணம், பழுதுபார்க்க மூடிய வால்வை யாரும் மீண்டும் திறக்காததுதான். முதன்மை வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பது நல்லது. அழுத்தமானியில் முள் சரியாக நிற்பதை மட்டும் நம்பிவிட முடியாது. வால்வு பாதி மூடியிருந்தாலும், தண்ணீர் ஓடாதவரை அழுத்தம் சரியாகவே காட்டும். முதன்மை வடிகால் குழாயை முழுவதும் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, ஓடும்போது முள் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து, பொருத்திய நாளில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். முள் அன்றைவிட வெகுவாக இறங்கினால், வால்வு முழுவதும் திறக்கவில்லை அல்லது வழியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையையும், பம்பை இயக்கிப் பார்த்த நாளையும் பதிவேட்டில் எழுதுங்கள். பழுதுக்காக அமைப்பை நிறுத்த நேர்ந்தால் முன்கூட்டியே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

தீயணைப்பான்களை மாதம் ஒருமுறை பாருங்கள். முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும். பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் கலையாமல் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வகையில் அழுத்தமானி இருக்காது என்பதால், அதை எடைபோட்டுத்தான் வாயு கசிந்ததா என்று அறிய முடியும். இந்தப் பதிவுகளைப் புதுப்பித்தல் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். சரக்கின் வகையோ அடுக்கும் உயரமோ மாறியிருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.