கணக்குக்கு ஆண்டுத் திட்டம் போடும் புது ஆசிரியர்களுக்கு

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் ஆண்டுத் திட்டத்தில் மூன்று பருவத்திலும் 'கழித்தல்' என்று மட்டும் எழுதிவைக்கிறார்கள். அப்படி எழுதினால் ஒரே பாடத்தைத்தான் மூன்று தடவை நடத்துவோம். கட்டத்தில் தலைப்பை எழுதாதீர்கள், அந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்வதை எழுதுங்கள்.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் 52 − 27, குச்சிக் கட்டை அவிழ்த்துச் செய்யட்டும். இரண்டாவதில் குச்சி வேண்டாம். 352 செ.மீ. கயிற்றில் 127 செ.மீ. வெட்டினால் மீதி எவ்வளவு என்று அளவைப் பாடத்தோடு சேர்த்துக் கேளுங்கள். மூன்றாவதில் நடுவில் பூஜ்யம்: 403 − 158. ஒரு சுற்றுக்கு ஒரு புதுச் சிக்கல் போதும்.

ஒவ்வொரு சுற்றையும் தொடங்கும் முன், எதுவும் சொல்லித்தராமல் பழைய கணக்கு மூன்று கொடுங்கள். 52 − 27க்கு யாராவது 35 என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. மேலே கீழே பார்க்காமல் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது குழந்தை. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் மறுபடி குச்சி. பாதி வகுப்புக்கு மேல் இப்படி எழுதினால், சரி, புதுச் சிக்கலை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

நடுவே வாரம் இரண்டு கணக்காவது கரும்பலகையில் போடுங்கள். பருவத்துக்குப் பருவம் விட்டுவிட்டால் எல்லாம் மறந்திருக்கும்.